ஆஃபர் லெட்டரில் 6 லட்சம்... அக்கவுன்ட்டில் எவ்வளவு?

ராஜபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா நூற்பாலையில் வேலை பார்க்கிறார். மகளுக்குச் சென்னையில் முதல் வேலை கிடைத்திருக்கிறது. மெயிலில் வந்த ஆஃபர் லெட்டரில், ‘ஆண்டுக்கு 6,00,000 ரூபாய்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அப்பா காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார். 6 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 50,000. ஹாஸ்டலும் சாப்பாடும் 9,500. மகளின் பஸ், துணிமணி, கைச்செலவு 7,000. கல்விக் கடன் தவணை 9,000. தம்பியின் காலேஜ் ஃபீஸுக்காக வீட்டுக்கு அனுப்புவது 10,000. அம்மா சேரச் சொல்லும் சீட்டுக்கு 5,000. மொத்தம் 40,500. “மாசம் ஒம்பதாயிரத்து ஐந்நூறு மிச்சம்!” என்று அப்பா சொல்ல, வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

முதல் மாதச் சம்பளம் வரும்போதுதான் இந்தச் சிரிப்பு நிற்கும். ஏனென்றால், அந்த லெட்டரில் உள்ள 6 லட்சத்தில் மகளின் அக்கவுன்ட்டுக்கு மாதாமாதம் வரப்போவது 50,000 அல்ல, 37,090 ரூபாய். யாரும் ஏமாற்றவில்லை. லெட்டரிலும் எல்லாமே எழுதித்தான் இருக்கிறது, ஆனால் மூன்றாம் பக்கத்தில், ‘இணைப்பு’ என்ற தலைப்பில். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை.

சி.டி.சி என்பது சம்பளம் அல்ல

நல்லவேளை, இந்த வீட்டில் ஒரு சித்தப்பா இருக்கிறார். கோவையில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அன்று இரவு போனில் லெட்டரை அனுப்பச் சொல்லிப் படித்துப் பார்க்கிறார்.

“அண்ணே, உங்க மில்லுல சம்பளம்னா பேஸிக், பஞ்சப்படி, அதுக்கு மேல சில அலவன்ஸ். அவ்வளவுதானே? உங்க பி.எஃப்-ல மில்லு தன் பங்கா போடுற பணத்தை, ‘இதுவும் உன் சம்பளம்’னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?”

“அது எப்படி என் சம்பளமாகும்? அது மில்லு போடுறது.”

“இங்க அதையும் சேர்த்துத்தான் ஆறு லட்சம்னு சொல்றாங்க.”

‘காஸ்ட் டு கம்பெனி’ என்பதன் சுருக்கம்தான் சி.டி.சி. ஓர் ஊழியரை ஓர் ஆண்டு வேலையில் வைத்திருக்க நிறுவனத்துக்கு என்ன செலவாகும் என்ற கணக்கு அது. அதாவது, அது நிறுவனத்தின் செலவுக் கணக்கு; ஊழியரின் வரவுக் கணக்கு அல்ல. ஊழியர் கையில் தருவது, அவர் பெயரில் வேறு எங்கோ கட்டுவது, என்றோ ஒருநாள் தர வேண்டியிருக்கலாம் என்று எடுத்து வைப்பது எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கும்.

மூன்றாம் பக்கம் என்ன சொல்கிறது?

மகளின் லெட்டரில் உள்ள இணைப்பை மாதக் கணக்காக மாற்றினால் இப்படி வரும்:

- அடிப்படைச் சம்பளம் (பேஸிக்): 25,000
- வீட்டு வாடகைப்படி: 10,000
- ஸ்பெஷல் அலவன்ஸ்: 5,298
- பி.எஃப், நிறுவனத்தின் பங்கு: 3,000
- கிராஜுவிட்டி: 1,202
- மருத்துவக் காப்பீட்டு பிரீமியம்: 500
- வேரியபிள் பே: 5,000
- மொத்தம்: 50,000

இதில் முதல் மூன்று மட்டும்தான் மாதாமாதம் சம்பளமாகக் கணக்கிடப்படுபவை. கூட்டினால் 40,298 ரூபாய். இதைத்தான் ‘கிராஸ்’ என்பார்கள். இதிலிருந்து மகளின் பங்காக பி.எஃப்-புக்கு 3,000 பிடிப்பார்கள். தொழில் வரி என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அது உள்ளாட்சி அமைப்புக்குப் போவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். இந்தச் சம்பளத்துக்குச் சென்னையில் அரையாண்டுக்கு 1,250 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 208 ரூபாய். சம்பளம் 12 லட்சத்துக்கும் கீழே இருப்பதால் புதிய வரி முறையில் வருமான வரி கிடையாது. 40,298-ல் 3,208 போனால் மிச்சம் 37,090.

அப்பாவின் கணக்கில் செலவே 40,500. அதாவது, ஒவ்வொரு மாதமும் 3,410 ரூபாய் துண்டு விழும்.

காணாமல்போன 12,910 எங்கே?

50,000-க்கும் 37,090-க்கும் நடுவே 12,910 ரூபாய் இருக்கிறது. இது முழுக்க நஷ்டம் என்று நினைத்தால் அதுவும் தவறு. இந்தப் பணத்தை, ‘உங்களுடையது, ஆனால் இப்போது கிடைக்காது’, ‘நிபந்தனை நிறைவேறினால் கிடைக்கும்’, ‘செலவாகிவிடும்’ என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பி.எஃப். மகளின் சம்பளத்தில் பிடிக்கும் 3,000, நிறுவனம் போடும் 3,000, ஆக மாதம் 6,000. இது மகளின் பெயரில், வட்டியோடு சேரும் பணம். வேலை மாறினாலும் கூடவே வரும். நினைத்தபோது முழுதாக எடுக்க முடியாது என்பதுதான் குறை.

நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி பென்ஷன் திட்டத்துக்குப் போகும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால், 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்-பில் சேருபவரின் பி.எஃப் கணக்குக்கான சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தால், அவர் அந்தத் திட்டத்தில் வர மாட்டார். நிறுவனத்தின் பங்கு முழுவதும் அவரின் பி.எஃப் கணக்கிலேயே சேரும். மகளின் பாஸ்புக்கில் பென்ஷன் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், அதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, நிபந்தனையோடு வருபவை. இங்கே கிராஜுவிட்டி, வேரியபிள் பே என்று இரண்டு இருக்கின்றன. இரண்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காப்பீட்டு பிரீமியமும் தொழில் வரியும். இரண்டும் சேர்த்து மாதம் 708 ரூபாய். அந்தப் பணம் திரும்பி வராது. ஆனால், காப்பீட்டுக்கு ஒரு பயன் உண்டு. அது மகளுக்கு மட்டுமா, அப்பா, அம்மாவுக்கும் சேர்த்தா என்று கேட்டுக்கொண்டால் அந்த 500 ரூபாயின் மதிப்பு தெரியும்.

அஞ்சு வருஷம் இருந்தால்தான் கிராஜுவிட்டி

லெட்டரில் மாதம் 1,202 என்று எழுதியிருக்கும் கிராஜுவிட்டி, மாதாமாதம் எந்தக் கணக்கிலும் மகளின் பெயரில் சேர்வதில்லை. வேலையை விட்டு விலகும்போது, ஓர் ஆண்டு பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் தர வேண்டிய தொகை அது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். பேஸிக் 25,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 14,423 ரூபாய். அதை 12-ஆல் வகுத்தால்தான் அந்த 1,202. பல ஆஃபர் லெட்டர்களில் ‘பேஸிக்கில் 4.81 சதவிகிதம்’ என்று எழுதியிருப்பதும் இதைத்தான்.

நிரந்தர ஊழியருக்கு இது கிடைக்க ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். மகள் மூன்று ஆண்டில் வேறு நிறுவனத்துக்கு மாறினால், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து சி.டி.சி-யில் காட்டப்பட்ட சுமார் 43,000 ரூபாய் அவருக்கு வரவே வராது. ஆறு ஆண்டு இருந்து, பேஸிக்கும் மாறாமல் இருந்தால்கூட 86,538 ரூபாய் கிடைக்கும். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு என்பதால், சம்பளம் ஏறியிருந்தால் இந்தத் தொகையும் ஏறும்.

இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இத்தனை காலம் என்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்படும் ஊழியர்களுக்கு ஓராண்டுப் பணியிலேயே கிராஜுவிட்டி உரிமை உண்டு. நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு என்பது அப்படியே இருக்கிறது. ஆஃபர் லெட்டரில் வேலை எந்த வகை என்று பார்க்க வேண்டியது இதற்காகவும்தான்.

அதே தொகுப்பில்தான், ‘பேஸிக் பாதிக்குக் குறையக் கூடாது’ என்று எல்லோரும் பேசிக்கொள்ளும் விதியும் இருக்கிறது. உண்மையில் அது என்ன சொல்கிறது? சம்பளக் கணக்கில் சேராது என்று சட்டம் பட்டியலிட்டிருக்கும் வீட்டு வாடகைப்படி போன்ற தொகைகள், மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் சம்பளமாகவே எண்ண வேண்டும். பேஸிக்கைச் சின்னதாக வைத்து, மீதியைப் படிகளாகப் பிரித்து, கிராஜுவிட்டியைக் குறைக்கும் வழக்கத்துக்கு இது ஒரு தடை. இதனால் எல்லோருடைய கைச் சம்பளமும் குறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். சட்டம் கட்டாயமாக்கும் உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் பி.எஃப் பிடித்தால் கைக்கு வருவது குறையாது என்று மத்திய தொழிலாளர் அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது.

வேரியபிள் பே: கேட்க வேண்டிய கேள்வி

“பாப்பா, இந்த வேரியபிள்ல ஆண்டுக்கு 60,000 போட்டிருக்காங்க. அது எப்போ வரும்னு ஹெச்.ஆர்-கிட்ட கேட்டியா?”

“இல்ல சித்தப்பா. மாசாமாசம் வரும்னு நினைச்சேன்.”

வேரியபிள் பே என்பது மகளின் வேலைத்திறன், நிறுவனத்தின் லாபம் இரண்டையும் பார்த்துத் தரப்படுவது. சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் ஆண்டு முடிந்த பிறகு. 60,000 என்று எழுதியிருந்தால், ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்று புரிந்துகொள்வதே பாதுகாப்பு. பணம் தரும் நாளில் வேலையில் இருந்தால்தான் கிடைக்கும் என்ற வரியும் பல லெட்டர்களில் உண்டு. பிப்ரவரியில் ராஜினாமா கொடுத்து ஏப்ரலில் வேரியபிள் வரும் என்று காத்திருந்தவர்கள், அந்த வரியைத் தாமதமாகப் படித்தவர்கள்தான்.

இரண்டு லெட்டர் வந்தால் எதை எடுப்பது?

மகளுக்கு இன்னொரு ஆஃபரும் இருக்கிறது. அது ஆண்டுக்கு 5,52,000. 48,000 குறைவு என்பதால் அப்பா அதை அலமாரியில் போட்டுவிட்டார். சித்தப்பா அதையும் எடுக்கச் சொல்கிறார்.

இந்த லெட்டரில் மாதக் கணக்கு 46,000. பேஸிக் 23,000, வாடகைப்படி 9,200, ஸ்பெஷல் அலவன்ஸ் 10,894, நிறுவனத்தின் பி.எஃப் 1,800, கிராஜுவிட்டி 1,106. வேரியபிள் இல்லை. காப்பீடு உண்டு, ஆனால், அதை சி.டி.சி-யில் சேர்க்கவில்லை. பி.எஃப் 1,800 என்பது எப்படி? முழு பேஸிக்குக்குப் போடாமல், 15,000 ரூபாய்க்கு மட்டும் 12 சதவிகிதம் போட்டிருக்கிறார்கள். சட்டப்படி அது சரிதான்.

இங்கே கிராஸ் 43,094. மகளின் பி.எஃப் 1,800, தொழில் வரி 208 போனால் கைக்கு வருவது 41,086. சி.டி.சி குறைவான லெட்டரில் கைச் சம்பளம் மாதம் 3,996 ரூபாய் அதிகம்!

“அப்ப இதுதான் நல்ல வேலை” என்கிறார் அப்பா.

“அவசரப்படாதீங்கண்ணே. பி.எஃப்-பையும் சேர்த்துப் பாருங்க. அதுவும் பாப்பா பணம்தானே?”

முதல் லெட்டரில் கைக்கு 37,090, பி.எஃப்-பில் 6,000. கூட்டினால் 43,090. இரண்டாவதில் கைக்கு 41,086, பி.எஃப்-பில் 3,600. கூட்டினால் 44,686. வித்தியாசம் மாதம் 1,596, ஆண்டுக்கு 19,152. அப்படியானால், முதல் நிறுவனம் 60,000 வேரியபிளில் 19,152 ரூபாய், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தந்தாலே இரண்டும் சமமாகிவிடும். அதற்கு மேல் தந்தால் முதல் வேலைதான் லாபம். ஆக, இங்கே முடிவு செய்ய வேண்டிய கேள்வி, ‘எதில் சி.டி.சி அதிகம்?’ என்பதல்ல, ‘வேரியபிள் உண்மையில் எவ்வளவு வருகிறது?’ என்பதுதான்.

வாடகைப்படி எதற்கு?

கையில் வரும் பணத்தை ஏன் பேஸிக், வாடகைப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள் என்று மகள் கேட்கிறார். பேஸிக்தான் பி.எஃப்-புக்கும் கிராஜுவிட்டிக்கும் அடித்தளம். வாடகைப்படி, வருமான வரிக்காக வந்த ஏற்பாடு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து, உண்மையிலேயே வாடகை கொடுப்பவர்களுக்கு அதில் ஒரு பகுதிக்கு வரி இல்லை. புதிய வரி முறையில் அந்தச் சலுகை கிடையாது. மகளுக்கு வரியே இல்லை என்பதால், இப்போதைக்கு அது பெயரளவில் ஒரு பிரிவுதான். மற்றதையெல்லாம் பிரித்த பிறகு எண்ணைச் சரிக்கட்டப் போடுவது ஸ்பெஷல் அலவன்ஸ். அதனால்தான் அது 5,298 என்று ஒழுங்கில்லாமல் நிற்கிறது.

கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்

சித்தப்பா சொல்லச் சொல்ல மகள் ஹெச்.ஆர்-க்கு மெயில் எழுதுகிறார். போனில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும். மெயிலில் கேட்டால் பதிலும் கையில் இருக்கும்.

1. வேரியபிளும் நிறுவனத்தின் பங்குகளும் போக, மாதாந்தர கிராஸ் எவ்வளவு?
2. வேரியபிள் எப்போது தரப்படும், கடந்த ஆண்டு இதே நிலையில் இருப்பவர்களுக்கு எத்தனை சதவிகிதம் தரப்பட்டது?
3. பி.எஃப் முழு பேஸிக்குக்கா, 15,000 ரூபாய்க்கு மட்டுமா?
4. காப்பீட்டில் யார் யார் சேர்த்தி?

வேலையில் சேர்ந்த பிறகு இன்னும் ஒன்று இருக்கிறது. முதல் சம்பளப் பட்டியலில் பிடித்தம் என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே பி.எஃப் ஒரே ஒருமுறைதான் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பங்கை ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்க பி.எஃப் விதிகளில் இடமில்லை. சி.டி.சி-யில் அதைச் சேர்த்துக் காட்டுவது நடைமுறையில் உள்ள வழக்கம். ஆனால், கிராஸ் என்று எழுதிக் கொடுத்த 40,298-லிருந்து 3,000-க்குப் பதில் 6,000 பிடித்திருந்தால் உடனே கேட்க வேண்டும். பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று பி.எஃப் பாஸ்புக்கில் பார்க்கலாம். உமங் செயலியிலேயே அது தெரியும். ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். இரண்டு மாதம் ஆகியும் பாஸ்புக்கில் எதுவும் வரவில்லை என்றால், ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

காலண்டர் தாளில் புதுக் கணக்கு

இரண்டு நாளில் முதல் நிறுவனத்திலிருந்து பதில் வருகிறது. வேரியபிள் ஆண்டுக்கு ஒருமுறை. சென்ற ஆண்டு 80 சதவிகிதம் தரப்பட்டது. பணம் தரும் நாளில் வேலையில் இருக்க வேண்டும். காப்பீட்டில் பெற்றோரும் உண்டு.

80 சதவிகிதம் என்றால் 48,000. 19,152-ஐவிட வெகு அதிகம். ஆண்டுக் கணக்கில் முதல் வேலைதான் லாபம். ஆனால், அது வரும்வரை மாதாமாதம் துண்டு விழும் 3,410-க்கு என்ன செய்வது?

காலண்டரில் இன்னொரு தாள் கிழிகிறது. இந்த முறை மேலே 50,000 என்று எழுதவில்லை. 37,090 என்று எழுதுகிறார் அப்பா. ஹாஸ்டல், கைச்செலவு, கடன் தவணை, தம்பியின் ஃபீஸ் எதையும் குறைக்க முடியவில்லை. மொத்தம் 35,500. சீட்டு என்று எழுதப்போன பேனா நிற்கிறது.

“மாசம் ஆறாயிரம் பி.எஃப்-ல சேருதுல்ல? சீட்டு வேணாம்மா” என்கிறார் அப்பா.

“அவசரத்துக்கு எடுக்க முடியாதே?” என்கிறார் அம்மா.

“அதுக்கு வேரியபிள் வரும்போது பாங்க்ல கொஞ்சம் போட்டு வெச்சிடுறேன்மா. வந்தா!” என்கிறார் மகள்.

அந்த ‘வந்தா’ என்ற சொல்லை அப்பா சேர்த்துக்கொள்கிறார். வேரியபிளை எந்தச் செலவுக்கும் நேராக எழுதவில்லை. தாளின் ஓரத்தில் தனியாக எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு வைக்கிறார். மாத மிச்சம் என்ற இடத்தில் இப்போது இருப்பது 9,500 அல்ல, 1,590 ரூபாய். ஆனால், இது உண்மையிலேயே மிஞ்சப்போகிற பணம்.